இரு நாட்டு நகரங்களின் மக்கள்தொகையை ஒப்பிடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைபடம், புள்ளிவிவரம், நகரத் திட்டமிடல் என்று பேச்சு வரும் இடங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலான பதில்களுக்கு லண்டன், பாரிஸ் என்ற ஒரே ஜோடியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஜோடியில் எல்லாக் குழப்பமும் வந்துவிடுகிறது. ஆண்டு சொல்லாத எண்கள் அனைத்தும் 2011க்கு உரியவை.

லண்டன் பெருசா, பாரிஸ் பெருசா? ஒரு இடத்துல லண்டன் மூணு மடங்குன்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல பாரிஸ்தான் பெருசுன்னு போட்டிருக்கு. எது பொய்?

எதுவும் பொய் இல்லை. பாரிஸ் நகராட்சி எல்லைக்குள் 22.5 லட்சம் பேர், கிரேட்டர் லண்டன் எல்லைக்குள் 81.7 லட்சம் பேர். அப்படிப் பார்த்தால் லண்டன் மூன்றரை மடங்குக்கும் சற்று மேல். கட்டடங்கள் தொடர்ந்து போகும் வரை எண்ணினால் பாரிஸ் 1.05 கோடி, லண்டன் 97.9 லட்சம். இப்போது பாரிஸ் சற்றே பெரியது.

ஆட்கள் இடம் மாறவில்லை, கோடு மாறியிருக்கிறது. "எத்தனை பேர்" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தக் கோட்டுக்குள்" என்று கேட்டே ஆக வேண்டும். கோட்டைச் சொல்லாத எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நகராட்சி எல்லைதானே அரசாங்கமே ஒப்புக்கொண்ட எல்லை? அதை வெச்சு ஒப்பிட்டா என்ன தப்பு?

வரி, தேர்தல், குப்பை அள்ளுவது போன்றவற்றுக்கு அந்த எல்லைதான் சரி. இரு நகரங்களை ஒப்பிட அது உதவாததற்குக் காரணம், ஒவ்வொரு எல்லையும் வேறொரு காலத்தில் வேறொரு அரசியல் காரணத்துக்காகப் போடப்பட்டிருப்பதுதான். பாரிஸ் 1860இல் சுற்றியிருந்த ஊர்களைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் இரண்டு பெரிய காடுகள் சேர்ந்ததைத் தவிர எல்லை பெரிதாக மாறவில்லை. இன்றும் பரப்பு 105 சதுர கிலோமீட்டர்தான். லண்டனின் இப்போதைய எல்லை 1965இல் வந்தது. அதன் பரப்பு 1,572 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ பதினைந்து மடங்கு.

ஆக முதல் கேள்வியில் வந்த "மூன்றரை மடங்கு" என்பது நகரங்களின் அளவைச் சொல்லவில்லை. ஒரு நிர்வாகம் தன் எல்லையை விரித்தது, இன்னொன்று விரிக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. லண்டனுக்குள்ளேயே "சிட்டி ஆஃப் லண்டன்" என்று தனி நிர்வாகம் உண்டு. பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, ஆட்கள் சில ஆயிரம் பேர். பெயரை மட்டும் நம்பி அந்த வரியை எடுத்துப் போட்டால் லண்டன் ஒரு சிற்றூர் ஆகிவிடும்.

சீனாவோட சோங்சிங்தான் உலகத்துலயே பெரிய நகரம், மூணு கோடிக்கு மேலன்னு படிச்சேன். சரியா?

2020 கணக்கெடுப்பில் சோங்சிங் மாநகரப் பகுதியின் மக்கள்தொகை 3.2 கோடி என்பது சரி. ஆனால் அந்த "மாநகரப் பகுதி"யின் பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ ஆஸ்திரியா நாட்டின் அளவு. உள்ளே மலை, வயல், தனித்தனிச் சிறுநகரங்கள் எல்லாம் இருக்கின்றன. இது மேற்சொன்ன பாரிஸ் சிக்கலின் மறுபக்கம்: அங்கே கோடு நகரத்துக்குள் நின்றுவிட்டது, இங்கே கோடு நகரத்தைத் தாண்டி ஒரு மாகாணத்தையே சுற்றி வருகிறது.

மக்கள்தொகையைப் பார்க்கும்போதே பரப்பையும் பார்ப்பதுதான் முதல் தற்காப்பு. பரப்பு சில ஆயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டினால் அது ஒரே நகரமாக இருப்பது அரிது.

நாட்டுக்கு நாடு "நகர்ப்புறம்"ங்கிறதுக்கே வேற வேற விளக்கம் இருக்காமே. அது எவ்வளவு மோசம்?

நன்றாகவே மோசம். டென்மார்க்கில் 200 பேர் அடுத்தடுத்து வசித்தாலே நகர்ப்புறக் குடியிருப்பு. ஜப்பானில் நெருக்கமான குடியிருப்புப் பகுதி என்று கணக்கில் எடுக்கச் சதுர கிலோமீட்டருக்கு 4,000 பேர் வீதம் நெருங்கியிருந்து, மொத்தம் 5,000 பேராவது இருக்க வேண்டும். இந்தியக் கணக்கெடுப்பில் நகராட்சி அந்தஸ்து இல்லாத ஊரை நகரமாகக் கொள்ள மூன்று நிபந்தனைகள்: 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முழுநேர ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில்.

ஆனால் ஒரு சமாதானம் உண்டு. "நாட்டில் எத்தனை சதவீதம் நகர்ப்புறம்" என்ற கேள்வியைத்தான் இந்த வேறுபாடு பெரிதும் குலைக்கும். பெருநகரத்தின் நடுப்பகுதி எந்த விளக்கத்திலும் நகரம்தான். அங்கே தகராறு விளிம்பில் மட்டும். விளிம்பை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் கீழே வரும் கேள்விகள் பேசுகின்றன.

சரி, அப்போ எந்தக் கோட்டைத்தான் எடுக்கறது?

எதற்காக ஒப்பிடுகிறீர்களோ அதைப் பொறுத்தது. மேயரின் வரவு செலவை ஒப்பிட்டால் நிர்வாக எல்லை. ஊர் எவ்வளவு பரந்து கிடக்கிறது, எத்தனை பேர் ஒட்டி வாழ்கிறார்கள் என்றால் தொடர்ந்த கட்டடப் பரப்பு. வேலைச் சந்தை, ரயில், வீட்டு வாடகை என்றால் தினமும் நகரத்துக்கு வேலைக்கு வந்துபோகும் ஊர்களையும் சேர்த்த பகுதி.

மூன்றில் எது என்று முடிவு செய்தபின் இரண்டு நகரங்களுக்கும் அதையே எடுக்க வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பாதி இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன: ஒரு வரிசையில் நகராட்சி எண், அடுத்த வரிசையில் வேலைக்கு வருவோர் பகுதியின் எண்.

கட்டடப் பரப்பை வெச்சு லண்டன், பாரிஸ் எண்ணை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ரெண்டு நாட்டுக்கும் ஒரே விதியா?

2011க்கு விதிகள் அதிர்ஷ்டவசமாக நெருங்கியவை. இரு நாடுகளிலும் அளவுகோல் 200 மீட்டர். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே இடைவெளி 200 மீட்டருக்குள் இருந்தால் ஒரே தொடர்ச்சி. அதற்கு மேல் போனால் நகரம் அங்கே முடிகிறது. ஆற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். பிரெஞ்சு விதியில் பாலம் உள்ள ஆறு, மயானம், விளையாட்டு மைதானம், விமான நிலையம் போன்றவற்றின் அகலம் இடைவெளியில் சேராது. இப்படிக் கணக்கிட்டதில் லண்டனோடு எல்லைக்கு வெளியே இருக்கும் வாட்ஃபோர்ட், வோகிங் போன்ற ஊர்களும் ஒட்டிக்கொண்டன, மொத்தம் 97.9 லட்சம். பாரிஸோடு நானூறுக்கும் மேற்பட்ட கொம்யூன்கள், அதாவது அடிமட்ட உள்ளாட்சிகள், சேர்ந்து 1.05 கோடி ஆயின.

விதி ஒன்றுதான், எதை வெட்டிச் சேர்க்கிறார்கள் என்பதில் வேறுபாடு. இங்கிலாந்தில் 50 மீட்டர் சதுரங்களாக நிலத்தை நறுக்கி, கட்டடம் உள்ளவற்றை மட்டும் ஒட்டி ஓர் உருவம் வரைந்தார்கள். பிரான்சில் கொம்யூனை வெட்டமாட்டார்கள். ஒரு கொம்யூனின் மக்களில் பாதிக்கு மேல் அந்தத் தொடர்ச்சிக்குள் வசித்தால், கொம்யூன் முழுவதும் உள்ளே வந்துவிடும், அதன் வயலும் காடும் உட்பட. மக்கள் எண்ணிக்கையில் இதனால் வரும் பிழை சிறியது, ஏனென்றால் வயலில் ஆட்கள் இல்லை. பரப்பில் வரும் பிழை சிறியது அல்ல.

அப்போ அடர்த்தியைக் கணக்குப் போட்டா பாரிஸைவிட லண்டன் நெருக்கமா வருதே! நேர்ல பார்த்தா அப்படி இல்லையே?

கண்ணால் பார்த்ததுதான் சரி. கட்டடப் பரப்புக் கணக்கில் லண்டன் 1,738 சதுர கிலோமீட்டர், பாரிஸ் 2,845. வகுத்தால் லண்டனில் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 5,600 பேர், பாரிஸில் 3,700. லண்டன் ஒன்றரை மடங்கு நெருக்கம் என்று வருகிறது. நகராட்சி எல்லையை எடுத்தாலோ பாரிஸ் 21,000க்கு மேல், லண்டன் 5,200. பாரிஸ் நான்கு மடங்கு நெருக்கம். இரண்டு விடையும் அதிகாரபூர்வ எண்களிலிருந்து வந்தவை, இரண்டுமே தவறான வழி காட்டுபவை. முதலாவதில் பாரிஸின் பகுதியில் காடும் வயலும் கலந்திருக்கின்றன (முந்தைய பதிலின் கடைசிப் பத்தி). இரண்டாவதில் ஒன்றின் நடுப்பகுதியை மற்றதன் முழு உடலோடு ஒப்பிடுகிறோம்.

நடுவே ஒரு கோடு எடுத்துப் பாருங்கள். பாரிஸையும் அதை ஒட்டிச் சுற்றியிருக்கும் மூன்று மாவட்டங்களையும் சேர்த்தால் 762 சதுர கிலோமீட்டரில் சுமார் 67 லட்சம் பேர். கிரேட்டர் லண்டனில் அதைப்போல் இரண்டு மடங்குப் பரப்பில் 82 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு 8,800க்கு 5,200. ஆக, நடுவிலிருந்து விரிந்து போகும்போது பாரிஸ்தான் நெருக்கம், ஆனால் நான்கு மடங்கெல்லாம் இல்லை. வேறு வேறு நாட்டு எல்லைகளில் எடுத்த சராசரி அடர்த்தியை ஒப்பிடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அடர்த்திதான் வேண்டும் என்றால் இரண்டு நகரங்களிலும் மையத்திலிருந்து ஒரே ஆரத்தில் வட்டம் போட்டு எண்ணுங்கள்.

ரெண்டு நாட்டுலயும் கணக்கெடுப்பு நடந்த வருஷமே வேறன்னா?

பொதுவான ஓர் ஆண்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே எல்லைக்கு இரண்டு கணக்கெடுப்பு எண்கள் இருந்தால், நடுவிலுள்ள ஆண்டுக்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
P(t) = P1 * (P2 / P1) ** ((t - t1) / (t2 - t1))
```

கிரேட்டர் லண்டன் 2001இல் 71.7 லட்சம், 2011இல் 81.7 லட்சம். 2006க்கு அடுக்கு 0.5 ஆகிறது, விடை சுமார் 76.5 லட்சம். இது எல்லை மாறாத இடத்துக்கு மட்டும் செல்லும். கட்டடப் பரப்பு இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே தானாக வளரும், சில நேரம் அதை வரையும் முறையே மாறும். இங்கிலாந்தில் 2011க்கும் 2021க்கும் நடுவே அப்படித்தான் ஆனது. அங்கே இந்தச் சூத்திரத்தைப் போட்டால், வளர்ச்சி என்று நீங்கள் காண்பதில் ஒரு பகுதி கோடு நகர்ந்ததுதான்.

"2011" என்ற சொல்லும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் அது 2011 மார்ச் 27 என்ற ஒரே நாளின் கணக்கு. பிரான்சில் ஒரே நாளில் எல்லோரையும் எண்ணுவதில்லை. ஐந்து ஆண்டுகள் சுழற்சியாக எடுக்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில் ஆண்டுக்கு 8 சதவீத முகவரிகள் மட்டும். 2009 முதல் 2013 வரை சேர்த்ததன் நடு ஆண்டுதான் அங்கே 2011. மெல்ல வளரும் நகரங்களுக்கு இது பொருட்டல்ல, வேகமாக வளரும் நகரத்துக்குப் பொருட்டு.

200 மீட்டர் விதி இல்லாத நாட்டு நகரத்தோட ஒப்பிடணும்னா என்ன பண்றது?

நாடுகளின் எல்லைகளை மொத்தமாக ஒதுக்கிவிட்டு, உலகம் முழுவதற்கும் ஒரே அளவில் கட்டம் போட்ட தரவை எடுக்க வேண்டும். இதற்கென்றே "டிகிரி ஆஃப் அர்பனைசேஷன்" என்ற முறையை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020இல் ஏற்றுக்கொண்டது. நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். 1,500 பேராவது உள்ள கட்டங்களைக் குறிக்கிறார்கள். பக்கத்தோடு பக்கம் ஒட்டிய கட்டங்களை ஒரு கொத்தாகச் சேர்க்கிறார்கள். மூலையோடு மூலை தொட்டால் போதாது. கொத்தின் மொத்தம் 50,000ஐ எட்டினால் அது ஒரு நகர மையம்.

பிறகு ஓட்டைகளை அடைக்கிறார்கள். பாரிஸின் கிழக்கே வான்சென் காடு சுமார் 10 சதுர கிலோமீட்டர். அந்தக் கட்டங்களில் 1,500 பேர் கிடையாது, அதனால் முதல் சுற்றில் அவை வெற்றிடம். நகரம் நாலாபுறமும் சூழ்ந்த வெற்றிடம் 15 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அதுவும் நகரம் என்பது விதி. விளிம்பில் இருக்கும் கட்டத்துக்கும் ஒரு வழி உண்டு: சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் குறைந்தது ஐந்து நகரமாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதை நானே கம்ப்யூட்டர்ல கணக்குப் போட முடியுமா?

முடியும். ஐரோப்பிய ஆணையத்தின் `GHS-POP` தரவு இலவசம். ஒரு கிலோமீட்டர் கட்டத்தில், மால்வைடே வீழல் என்ற சம பரப்பு வரைபட முறையில் உள்ள கோப்பை எடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டத்தில் உள்ளதை எடுக்க வேண்டாம். துருவத்தை நோக்கிப் போகப் போக அந்தக் கட்டங்கள் சுருங்கும், 1,500 என்ற வரம்பு அர்த்தம் இழக்கும். `pop` என்பது கட்டத்துக்கு எத்தனை பேர் என்ற அணி என்று கொண்டால்:

```python
import numpy as np
from scipy import ndimage
core = pop >= 1500
lab, n = ndimage.label(core)
size = ndimage.sum(pop, lab, np.arange(1, n + 1))
```

`label` தானாகவே பக்கத் தொடர்பை மட்டும்தான் பார்க்கும், அதனால் கூடுதலாக ஒன்றும் சொல்ல வேண்டாம். `size` 50,000க்கு மேல் உள்ளவை நகர மையங்கள். இது ஓட்டை அடைப்பதற்கு முந்தைய கணக்கு என்பதை மறக்க வேண்டாம். கடலோர நகரம் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பாதி தண்ணீராக உள்ள கட்டத்தில் 900 பேர் இருந்தால், நிலத்தை வைத்து அடர்த்தி 1,800 ஆகிறது. கட்டத்தின் எண்ணை அப்படியே பார்த்தால் அது விழுந்துவிடும்.

கட்டம் போட்டுட்டா எல்லாம் சரியாயிடுமா?

இல்லை. விதி ஒன்றாகிவிடும், தரவின் தரம் ஒன்றாகாது. சில நாடுகள் தெரு அளவுக்குக் கணக்கெடுப்பு விவரம் தருகின்றன. சில நாடுகளில் மாவட்ட மொத்தம் மட்டும்தான் கிடைக்கிறது. அதைச் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கட்டடங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். கிடங்கும் தொழிற்சாலையும் வீடுபோல எண்ணப்பட்டால், நடுப்பகுதியில் இருப்பவர்கள் விளிம்புக்குச் சிதறிப்போவார்கள். ஒரு மாவட்டத்துக்குள் எல்லாக் கட்டங்களிலும் எண்கள் வழவழவென்று ஒரே சீராக இருந்து, மாவட்ட எல்லையைத் தாண்டியதும் திடீரென்று குதித்தால், பங்கீடுதான் அங்கே பேசுகிறது.

இரண்டாவது சிக்கல், ஒட்டிக்கொள்வது. இரண்டு நகரங்களுக்கு நடுவே நெடுஞ்சாலையோரமாக 1,500 பேர் உள்ள ஒரே ஒரு வரிசைக் கட்டங்கள் இருந்தால் போதும், இரண்டும் ஒன்றாகிவிடும். வரம்பை 1,500லிருந்து 2,000க்கு ஏற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். நகரம் இரண்டாகப் பிளந்தால் அதைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும்.

முன்னாடி டோக்கியோதான் முதலிடம்னு இருந்துச்சு. இப்போ ஐ.நா.வே ஜகார்த்தான்னு சொல்லுது. ஏழு வருஷத்துல அவ்வளவு பேர் குடியேறிட்டாங்களா?

குடியேறவில்லை. ஐ.நா.வின் 2018 அறிக்கையில் டோக்கியோ 3.7 கோடி, ஜகார்த்தா சுமார் 1 கோடி. 2025 அறிக்கையில் ஜகார்த்தா கிட்டத்தட்ட 4.2 கோடி, அடுத்து டாக்கா, டோக்கியோ 3.3 கோடியோடு மூன்றாவது. 2018 வரை ஒவ்வொரு நாடும் தந்த எல்லையையே ஏற்றுக்கொண்டார்கள். ஜகார்த்தாவுக்கு அது தலைநகர மாகாண எல்லை. டோக்கியோவுக்கோ சுற்று வட்டாரம் முழுவதையும் சேர்த்த பெருநகரப் பகுதி. 2025இல்தான் மேலே சொன்ன கட்ட முறைக்கு மாறினார்கள். பெகாசி, தாங்கெராங், டெபோக் எல்லாம் ஜகார்த்தாவோடு ஒட்டிக்கொண்டன. டோக்கியோவின் வெளி விளிம்பு உதிர்ந்தது.

ஆகவே இரண்டு அறிக்கைகளிலிருந்தும் ஒவ்வொரு எண்ணை எடுத்து "வளர்ச்சி விகிதம்" போடக் கூடாது. பழைய ஆண்டின் எண் வேண்டும் என்றால், புதிய அறிக்கையே பின்னோக்கிக் கணக்கிட்டுத் தரும் வரிசையில் இருந்து எடுங்கள்.

வேலைக்கு வந்துபோறவங்களையும் சேர்த்தா?

அதற்கு நகர மையத்தை முதலில் முடிவு செய்து, எந்தெந்த ஊர்களில் வேலை செய்வோரில் 15 சதவீதம் பேராவது அங்கே போகிறார்கள் என்று பார்ப்பது ஐரோப்பிய ஒன்றியமும் ஓஇசிடியும் பின்பற்றும் வழி. அப்படிப் பார்த்தால் லண்டன், பாரிஸ் இரண்டும் 1.2 கோடிக்கு அக்கம்பக்கம். இந்தச் சதவீதத்தின் மேல் கண் வையுங்கள். பிரான்சின் பழைய முறையில் அது 40. 2020 முதல் 15. வரம்பு இறங்கினால் பகுதி விரியும். சதவீதம் போடாமல் "பெருநகரப் பகுதி" என்று மட்டும் எழுதிய எண்ணை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

லண்டனுக்கும் பாரிஸுக்கும் வித்தியாசம் ஏழு சதவீதம்தானே? பாரிஸ்தான் பெருசுன்னு துணிஞ்சு எழுதலாமா?

எழுதாமல் இருப்பது நல்லது. ஒரு நியாயமான விளக்கத்திலிருந்து இன்னொரு நியாயமான விளக்கத்துக்குப் போகும்போது முன்பின் மாறினால், அந்த வித்தியாசம் நகரத்தினுடையது அல்ல. இங்கே கட்டடப் பரப்பில் பாரிஸ் ஏழு சதவீதம் முன்னால்; வேலைக்கு வருவோரையும் சேர்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். கொம்யூனை முழுசாகச் சேர்க்கும் பிரெஞ்சுப் பழக்கமும் அந்த ஏழில் கொஞ்சம் பங்கு வகிக்கிறது. எந்த விளக்கத்திலும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் "பெரியது" என்று போடலாம்.

இந்த ஜோடிக்கு நாங்கள் எழுதும் வரி இது: "தொடர்ந்த கட்டடப் பரப்பில் (200 மீட்டர் இடைவெளி விதி, 2011) பாரிஸ் 1.05 கோடி, லண்டன் 97.9 லட்சம், பாரிஸ் எண்ணில் முழுக் கொம்யூன்களும் அடக்கம், அளவில் இரண்டும் ஏறத்தாழச் சமம்."